இயற்கணித எண்கள் களமாக அமைதல்: கூட்டலும் பெருக்கலும் நிறுவப்படும் முறை

ஆய்வுச்சுருக்கம்

விகிதமுறு எண்களைக் கெழுக்களாகக் கொண்ட பல்லுறுப்புக் கோவை ஒன்றின் மூலமாக அமையும் எண் இயற்கணித எண் எனப்படும். இரண்டு இயற்கணித எண்களின் கூடுதலும் பெருக்கற்பலனும் இயற்கணித எண்களே என்பது நன்கு அறியப்பட்ட முடிவாகும். ஆயினும் அது வரையறையிலிருந்து நேரடியாகக் கிடைப்பதன்று. வர்க்கப்படுத்திப் படிமூலங்களை நீக்கும் பழக்கமான வழி எங்கே நின்றுவிடுகிறது என்பதையும், பரிமாணக் கருத்து அத்தடையை எவ்வாறு கடக்கிறது என்பதையும், அதே கருத்து கணக்கிடும் முறையாகவும் மாறுவதையும் இக்கட்டுரை ஓர் எடுத்துக்காட்டின் வழி விளக்குகிறது. இறுதியில் e, π ஆகிய எண்களைப் பற்றிய ஒரு முடிவுக்கு இத்தேற்றம் பயன்படும் விதமும் அதன் எல்லையும் காட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: இயற்கணித எண், களம், பல்லுறுப்புக் கோவை, வெக்டர் வெளி, பரிமாணம், அணிக்கோவை, விஞ்சிய எண்.

முன்னுரை

√2 என்னும் எண் x² − 2 = 0 என்ற சமன்பாட்டை நிறைவு செய்கிறது. ∛2 என்பது x³ − 2 = 0 என்பதை நிறைவு செய்கிறது. இவ்வாறு, பூச்சியம் அல்லாததும் விகிதமுறு எண்களைக் கெழுக்களாகக் கொண்டதுமான ஒரு பல்லுறுப்புக் கோவையைப் பூச்சியமாக்கும் மெய்யெண்ணோ கலப்பெண்ணோ இயற்கணித எண் என வரையறுக்கப்படுகிறது. அத்தகைய கோவைகளுள் மிகக் குறைந்த படியுடையதன் படி, அவ்வெண்ணின் படி எனப்படும். √2 இன் படி 2. ∛2 இன் படி 3. எந்தக் கோவையையும் நிறைவு செய்யாத எண்கள் விஞ்சிய எண்கள் எனப்படுகின்றன. e விஞ்சிய எண் என்பதை எர்மித் 1873இலும், π விஞ்சிய எண் என்பதை லிண்டமான் 1882இலும் நிறுவினர்.

இவ்வரையறை ஒவ்வோர் எண்ணையும் தனித்தனியே நோக்குகிறது. α ஒரு சமன்பாட்டைக் கொண்டுவருகிறது. Β வேறொரு சமன்பாட்டைக் கொண்டுவருகிறது. α + β எந்தச் சமன்பாட்டை நிறைவு செய்யும் என்பது பற்றி வரையறை எதுவும் கூறவில்லை. இரண்டு சமன்பாடுகளையும் கூட்டினால் விடை கிடைப்பதில்லை, பெருக்கினாலும் கிடைப்பதில்லை. விஞ்சிய எண்களை எடுத்துக்கொண்டால் இக்கேள்வி வெறும் சம்பிரதாயமன்று என்பது புலனாகும். π, 1 − π ஆகிய இரண்டும் விஞ்சிய எண்கள்; ஆனால் அவற்றின் கூடுதல் 1. எனவே ஒரு பண்புடைய எண்களைக் கூட்டினால் அப்பண்பு நிலைக்கும் என முன்கூட்டியே கொள்ள இயலாது. இயற்கணித எண்களுக்கு அது நிலைக்கிறது என்பதற்குத் தனியே ஒரு காரணம் வேண்டும். அக்காரணத்தைத் தெளிவுபடுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. படிமூலங்களை நீக்கும் வழியும் அதன் தடையும்

வகுப்பறையில் முதலில் காட்டப்படும் வழி படிமூலங்களை ஒவ்வொன்றாக நீக்குவதாகும். γ = √2 + ∛2 என்க. அப்பொழுது γ − √2 = ∛2. இருபுறமும் முப்படிக்கு உயர்த்தினால்

γ³ − 3√2γ² + 6γ − 2√2 = 2

என்பது கிடைக்கும். √2 உள்ள உறுப்புகளை ஒருபுறமாகக் கொண்டுவந்தால் γ³ + 6γ − 2 = √2(3γ² + 2) என்றாகும். மீண்டும் இருபுறமும் வர்க்கப்படுத்திச் சுருக்கினால்

γ⁶ − 6γ⁴ − 4γ³ + 12γ² − 24γ − 4 = 0

என்பது பெறப்படுகிறது. கெழுக்கள் அனைத்தும் முழுக்கள். ஆகவே √2 + ∛2 ஓர் இயற்கணித எண்.

இக்கணக்கில் பிழை எதுவும் இல்லை. ஆனால் இதனைப் பொது நிறுவலாகக் கொள்ள முடியாது. இங்கு ∛2 என்பதைத் தனிமைப்படுத்தி முப்படிக்கு உயர்த்த முடிந்தது, அவ்வெண் ஒரு படிமூலமாக எழுதப்பட்டிருந்ததால்தான். எல்லா இயற்கணித எண்களையும் அவ்வாறு எழுத இயலாது. ஐந்தாம் படிப் பொதுச் சமன்பாட்டைப் படிமூலங்களால் தீர்க்க இயலாது என்பதை ஆபெல் 1824இல் நிறுவினார். குறிப்பிட்ட எடுத்துக்காட்டாக x⁵ − x − 1 = 0, x⁵ − 4x + 2 = 0 ஆகிய இரண்டின் மூலங்களுமே விகிதமுறு எண்கள், நான்கு அடிப்படைச் செயல்கள், படிமூலங்கள் ஆகியவற்றைக் கொண்டு எழுதப்பட இயலாதவை. முதற்சமன்பாட்டின் ஒரு மூலத்தை α எனவும், இரண்டாவதன் ஒரு மூலத்தை β எனவும் கொண்டால், α + β என்பதில் தனிமைப்படுத்துவதற்கோ உயர்த்தி நீக்குவதற்கோ வேர்க்குறியே இல்லை. α பற்றி நமக்குத் தெரிந்தது α⁵ = α + 1 என்பது மட்டும்; β பற்றித் தெரிந்தது β⁵ = 4β − 2 என்பது மட்டும்.

ஆயின் அவ்விரு செய்திகளே போதும். அவை எவ்வாறு போதுமானவை என்பதைக் காண்பதே நிறுவலின் சாரம்.

2. பரிமாணத்தின் வழி நிறுவல்

α⁵ = α + 1 என்னும் உறவு நமக்குத் தருவது யாது? α இன் ஐந்தாம் அடுக்கைக் குறைந்த அடுக்குகளால் எழுதலாம் என்பதாகும். α ஆல் மீண்டும் பெருக்கினால் α⁶ = α² + α, α⁷ = α³ + α² எனத் தொடரும். எவ்வளவு உயர்ந்த அடுக்காயினும் அது 1, α, α², α³, α⁴ ஆகிய ஐந்தின் விகிதமுறு கெழுக்கள் கொண்ட நேரியல் சேர்க்கையாகவே முடியும். பொதுவாக, α ஆனது m படி கொண்ட கோவையை நிறைவு செய்தால், தலைக்கெழுவால் வகுத்து αᵐ ஐக் குறைந்த அடுக்குகளால் எழுதலாம். எனவே α இன் அடுக்குகள் அனைத்தும் 1, α, …, αᵐ⁻¹ ஆகியவற்றின் சேர்க்கைகளாகும். அடுக்குகள் முடிவிலியாக இருப்பினும் அவை வாழும் இடம் சிறியது.

இதன் மறுதலையும் உண்மை. ஓர் எண் γ இன் அடுக்குகள் அனைத்தும், விகிதமுறு எண்களின் மீதான N பரிமாணமுடைய ஒரு வெக்டர் வெளிக்குள் அடங்கிவிடுகின்றன எனக் கொள்வோம். 1, γ, γ², …, γᴺ என N + 1 வெக்டர்கள் அவ்வெளியில் உள்ளன. N பரிமாண வெளியில் N + 1 வெக்டர்கள் நேரியல் சார்புடையனவாகவே இருக்கும். எனவே அனைத்தும் பூச்சியமாகாத விகிதமுறு எண்கள் c₀, c₁, …, c_N இருந்து

c₀ + c₁γ + c₂γ² + … + c_Nγᴺ = 0

என அமையும். c₀ தவிர மற்றவை யாவும் பூச்சியமெனில் c₀ உம் பூச்சியமாகிவிடும், அது முரண். ஆகவே இது உண்மையான ஒரு பல்லுறுப்புச் சமன்பாடு. Γ இயற்கணித எண்.

ஆக, இயற்கணித எண் என்பதற்கு இரண்டாவது விளக்கம் ஒன்று கிடைத்துவிட்டது: அடுக்குகள் முடிவுறு பரிமாண வெளிக்குள் அடங்கும் எண்ணே இயற்கணித எண். முதல் வரையறை சமன்பாட்டைக் கேட்கிறது. இரண்டாவது விளக்கம் இடத்தைக் கேட்கிறது. இரண்டு எண்களின் சமன்பாடுகளை ஒன்றிணைப்பது கடினம். அவற்றின் இடங்களை ஒன்றிணைப்பது எளிது.

α இன் படி m, β இன் படி n என்க. αⁱβʲ (i = 0, …, m − 1; j = 0, …, n − 1) என்னும் mn பெருக்கற்பலன்களின் விகிதமுறு சேர்க்கைகள் அனைத்தையும் கொண்ட வெளியை V என்க. இதன் பரிமாணம் mn ஐ விஞ்சாது. V இல் உள்ள ஓர் எண்ணை α ஆல் பெருக்கினால், αᵐ தோன்றும் இடங்களில் அதனைக் குறைந்த அடுக்குகளால் மாற்றிவிடலாம். விடை V க்குள்ளேயே இருக்கும். β ஆல் பெருக்கினாலும் அவ்வாறே. எனவே α + β ஆலோ αβ ஆலோ எத்தனை முறை பெருக்கினாலும் V ஐ விட்டு வெளியேற இயலாது. 1 என்பது V இல் இருப்பதால், α + β இன் அடுக்குகள் அனைத்தும் V இல் உள்ளன. Αβ இன் அடுக்குகளும் V இல் உள்ளன. மேற்கூறிய விளக்கத்தின்படி இரண்டும் இயற்கணித எண்கள். அவற்றின் படி mn ஐ விஞ்சாது. முன்னர்க் கண்ட இரு ஐந்தாம் படிச் சமன்பாடுகளின் மூலங்களுக்கு 25 பெருக்கற்பலன்கள் போதும். Α + β நிறைவு செய்யும் சமன்பாட்டை நாம் எழுதிப் பார்க்காவிடினும், 25ஐ விஞ்சாத படியில் அது இருந்தே தீரும்.

களமாவதற்கு எஞ்சியிருப்பவை எதிரெண்ணும் தலைகீழியும். α ஆனது p(x) ஐப் பூச்சியமாக்கினால் −α ஆனது p(−x) ஐப் பூச்சியமாக்கும். α பூச்சியமன்று எனவும், a₀ + a₁α + … + a_mαᵐ = 0 எனவும் கொள்வோம். αᵐ ஆல் வகுத்தால் a₀(1/α)ᵐ + a₁(1/α)ᵐ⁻¹ + … + a_m = 0. கெழுக்கள் வரிசை மாறி நிற்க, 1/α ஒரு சமன்பாட்டை நிறைவு செய்கிறது. எனவே கழித்தலும் பூச்சியமல்லாத எண்ணால் வகுத்தலும் இயற்கணித எண்களுக்குள்ளேயே நிகழ்கின்றன. பரிமாற்று, சேர்ப்பு, பங்கீட்டு விதிகள் கலப்பெண்களிடமிருந்து அப்படியே வருவன. ஆகவே இயற்கணித எண்கள் ஒரு களமாக அமைகின்றன.

3. இருப்பிலிருந்து கணக்கிடுதலுக்கு

மேற்கண்ட நிறுவல் சமன்பாடு உண்டு என்கிறது. அதனை எழுதிக் காட்டவில்லை. ஆயினும் அதே வெளி V, சமன்பாட்டை எழுதும் வழியையும் தருகிறது. சிறியதோர் எடுத்துக்காட்டை முழுமையாகக் காண்போம்.

α = √2 எனவும், β என்பது x² − x − 1 = 0 இன் நேர் மூலமான (1 + √5)/2 எனவும் கொள்க. இங்கு α² = 2, β² = β + 1. V ஐ உருவாக்குபவை 1, α, β, αβ ஆகிய நான்கு. γ = α + β ஆல் இந்நான்கையும் வரிசையாகப் பெருக்குவோம்.

γ·1 = α + β
γ·α = 2 + αβ
γ·β = 1 + β + αβ
γ·αβ = α + 2β + αβ

மூன்றாம் வரியில் β² க்குப் பதில் β + 1 இடப்பட்டுள்ளது. நான்காம் வரியில் α²β = 2β எனவும் αβ² = αβ + α எனவும் மாற்றப்பட்டுள்ளன. இப்பொழுது γ ஐ x எனக் குறித்து அனைத்தையும் இடப்புறம் கொண்டுவந்தால், 1, α, β, αβ ஆகியவற்றை மாறிகளாகக் கருதத்தக்க நான்கு சமபடித்தான நேரியச் சமன்பாடுகள் கிடைக்கின்றன. அவற்றின் கெழுக்கள் பின்வருமாறு அமையும்.

```
  x   −1    −1     0
 −2    x     0    −1
 −1    0   x−1    −1
  0   −1    −2   x−1
```

இத்தொகுப்புக்கு (1, α, β, αβ) என்பது வெளிப்படையற்ற தீர்வு. அதன் முதல் உறுப்பு 1 என்பதால் அது பூச்சிய வெக்டர் அன்று. எனவே x = γ ஆகும்போது அணிக்கோவை பூச்சியமாக வேண்டும். விரித்தால்

x⁴ − 2x³ − 5x² + 6x − 1 = 0

என்பது கிடைக்கிறது. சரிபார்த்தல் எளிது: γ இன் மதிப்பு ஏறத்தாழ 3.03225, அதனைப் பிரதியிட, உறுப்புகள் முறையே 84.539, −55.760, −45.973, 18.194, −1 ஆகி, தோராயப் பிழைக்குள் பூச்சியத்தைத் தருகின்றன. இவ்வாறே αβ ஆல் அந்நான்கையும் பெருக்கினால் x⁴ − 6x² + 4 = 0 என்பது பெறப்படும்.

இம்முறையில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. தொடக்கச் சமன்பாடுகளின் தலைக்கெழு 1 ஆகவும் பிற கெழுக்கள் முழுக்களாகவும் இருந்தால், அணியிலுள்ள எண்கள் அனைத்தும் முழுக்களே. எனவே விரிவில் கிடைக்கும் கோவையும் அதே வடிவம் உடையது. அத்தகைய எண்கள் இயற்கணித முழுக்கள் எனப்படுகின்றன. அவற்றின் கூடுதலும் பெருக்கற்பலனும் இயற்கணித முழுக்களே என்னும் கூடுதல் முடிவு இவ்வழியில் உடன் கிடைக்கிறது. நேரியல் சார்பு மட்டும் கொண்டு செய்த முதல் நிறுவல் இதனைத் தராது. ஏனெனில் அங்குத் தலைக்கெழு எதுவாக இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. டிரிக்லேயின் எண்கோட்பாட்டு விரிவுரைகளுக்கு 1871இல் எழுதிய பின்னிணைப்பில் டெடிகிண்ட் இயற்கணித முழுக்களின் கோட்பாட்டை வகுத்தளித்தார். நான்கு செயல்களுக்கும் அடைவுபெற்ற எண்தொகுதிக்கு ‘உடல்’ எனப் பொருள்படும் ஜெர்மன் சொல்லை வழங்கியதும் அப்பின்னிணைப்பிலேயே. அதனையே நாம் களம் என்கிறோம்.

4. பிழை நேரும் இடம்

அணிக்கோவை தரும் சமன்பாட்டின் படி mn. அதுவே α + β இன் படி எனக் கொள்வது அடிக்கடி நேரும் பிழையாகும். α = √2, β = √8 என்க. m = n = 2; மேற்கண்ட முறையைப் பின்பற்றினால் x⁴ − 20x² + 36 = 0 கிடைக்கும். ஆனால் √2 + √8 = 3√2; அதன் படி 2 மட்டுமே. கிடைத்த கோவையைக் காரணிப்படுத்தினால் (x² − 18)(x² − 2) என்றாகிறது. முதற்காரணியே 3√2க்கு உரியது. இரண்டாம் காரணி எங்கிருந்து வந்தது? இம்முறைக்குத் தெரிந்தவை α² = 2, β² = 8 என்பன மட்டுமே. எனவே அது ±√2 ± √8 என்னும் நான்கு கூடுதல்களையும் வேறுபடுத்தாது தருகிறது; √8 − √2 = √2 என்பதும் அவற்றுள் அடங்கும்.

இங்கு 1, α, β, αβ ஆகிய நான்கும் நேரியல் சார்பற்றவை அல்ல; β = 2α, αβ = 4. இருந்தும் அணிக்கோவை முறை சரியான சமன்பாட்டையே தந்தது. அதற்குத் தேவைப்பட்டது அந்நான்கும் பூச்சிய வெக்டராகாமை மட்டுமே. அவை அடிக்கணமாக இருக்க வேண்டியதில்லை. எனவே, இயற்கணித எண் என நிறுவுவதற்கு இச்சார்பு ஒரு தடையன்று. எண்ணின் படியை அறிய வேண்டுமாயின் மட்டுமே கிடைத்த கோவை காரணிப்படுமா எனத் தனியே ஆராய வேண்டும்.

5. தேற்றத்தின் பயனும் எல்லையும்

e + π விஞ்சிய எண்ணா? eπ விஞ்சிய எண்ணா? இவ்விரு கேள்விகளுக்கும் இதுவரை விடை இல்லை. அவை விகிதமுறா எண்கள் என்பதுகூட நிறுவப்படவில்லை. ஆயினும் இரண்டுள் ஒன்றேனும் விஞ்சிய எண் என்பதை மேற்கண்ட தேற்றம் கொண்டு சில வரிகளில் நிறுவலாம்.

இரண்டும் இயற்கணித எண்கள் எனக் கொள்வோம். களப் பண்பின்படி (e + π)² − 4eπ என்பதும் இயற்கணித எண். அது (e − π)² க்குச் சமம். ஓர் எண்ணின் வர்க்கம் p(x) ஐப் பூச்சியமாக்கினால் அவ்வெண் p(x²) ஐப் பூச்சியமாக்கும். ஆகவே e − π உம் இயற்கணித எண். மீண்டும் களப் பண்பின்படி, e + π, e − π ஆகியவற்றின் கூடுதலில் பாதியாகிய e இயற்கணித எண்ணாக வேண்டும். இது எர்மித்தின் முடிவுக்கு முரண். இவ்வாதத்தில் எந்தச் சமன்பாடும் எழுதப்படவில்லை. எழுதவும் இயலாது, ஏனெனில் நாம் கொண்ட எடுகோளே பொய்யானது. எழுதிக் காட்டாமலே சமன்பாடு உண்டு என்று கூறும் நிறுவலின் வலிமை இத்தகைய இடங்களில்தான் வெளிப்படுகிறது.

எல்லையும் தெளிவானது. தேற்றம் முடிவுறு எண்ணிக்கையிலான செயல்களுக்கே பொருந்தும். 10⁻¹, 10⁻², 10⁻⁶, 10⁻²⁴ என, n! அடுக்குகளைக் கொண்ட உறுப்புகள் ஒவ்வொன்றும் விகிதமுறு எண். அவற்றுள் எத்தனையைக் கூட்டினாலும் விகிதமுறு எண்ணே கிடைக்கும். ஆனால் அத்தொடரின் முடிவிலிக் கூடுதல் விஞ்சிய எண். இவ்வகை எண்களைக் கொண்டே விஞ்சிய எண்கள் உள்ளன என்பதை லியூவில் 1844இல் முதன்முதலாக நிறுவினார். எல்லை காணும் செயல் ஒரு களத்தின் நான்கு செயல்களுள் ஒன்றன்று. பரிமாணக் கணக்கு அதுவரை எட்டாது.

முடிவுரை

இரண்டு இயற்கணித எண்களின் கூடுதல் எந்தச் சமன்பாட்டை நிறைவு செய்யும் என்னும் கேள்வியைச் சமன்பாடுகளின் மொழியிலேயே வைத்துக்கொண்டால், விடை படிமூலங்களோடு நின்றுவிடுகிறது. அடுக்குகள் எந்த வெளிக்குள் அடங்கும் என்னும் கேள்வியாக அதனை மாற்றினால், m, n பரிமாணங்களின் பெருக்கற்பலன் ஒன்றே விடையளிக்கிறது. சமன்பாடு வேண்டுமெனில் அதே வெளியில் பெருக்கல் செய்து அணிக்கோவையை விரித்தால் போதும். அது தேவைக்கு மேற்பட்ட காரணியோடு வரலாம், ஆனால் பிழையாக வராது. √2 + ∛2 க்கு முதலில் வர்க்கப்படுத்திப் பெற்ற ஆறாம் படிச் சமன்பாட்டை 1, α, β, αβ, β², αβ² என்னும் ஆறு பெருக்கற்பலன்களைக் கொண்டு மீண்டும் பெற்றுப் பார்ப்பது, இரு வழிகளின் உறவையும் ஒருங்கே காட்டும்.